"ஆங்கிலம் மட்டும்" என்ற அந்த ஒரு வரி: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அறுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கையில் இருப்பது கரும்பலகையும் சாக்பீஸும்தான். உங்கள் கையேடு வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசச் சொல்கிறது. தேர்வுத்தாளோ இலக்கணத்தைத் தாண்டி எதையும் கேட்பதில்லை. அந்தக் கையேட்டு வரியை மாற்றக் கேட்டே இதை எழுதுகிறேன்.

ஒரு பாடத்தைப் பார்ப்போம். 'ஐ சா ஹிம்', 'ஐ ஹேவ் சீன் ஹிம்' இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஆங்கிலத்திலேயே விளக்குகிறேன் என்று காலக்கோடு போட்டு, சைகை காட்டி அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். பின்வரிசை முழிக்கும். 'பார்த்தேன்', 'பார்த்திருக்கிறேன்' என்று பலகையில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் பிடிபடுகிறது. அந்த வேறுபாடு அவர்கள் பேசும் தமிழிலேயே இருக்கிறதே!

ஆனால் மொழிபெயர்ப்போடு நிறுத்தினால் வேறு வம்பு. 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அப்படியே மாற்றி 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்று எழுதினால் தவறு. 'போயிருக்கிறார்' இன்னும் சிக்கல்: போனவர் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான்', முன்பு எப்போதோ போய்வந்தவர் என்றால் 'ஹேஸ் பீன்'.

இந்தக் குழிகளில் பேசும்போதுதான் விழுவார்கள். அதனால் அடுத்த 12 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. ஒருவர் 'ஹேவ் யூ எவர்' என்று தொடங்கிக் கேட்பார். பதில் ஆம் என்றால் உடனே 'வென்?' என்பார். அந்த இடத்தில் பதில் 'சா'வுக்கு மாறியாக வேண்டும். கேட்டவர் அதை 'ஹி' அல்லது 'ஷி' போட்டு நோட்டில் ஒரு வரியாக எழுதுவார். எழுத வேண்டும் என்றால் பேச்சு தமிழுக்கு நழுவுவது குறைகிறது. 40 நிமிட வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் தலைக்கு 40 நொடி. இப்படிச் செய்தால் ஆறு நிமிடம்.

சத்தம் அதிகம்தான், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். தவறும் பரவும். 1979 முதல் 1984 வரை, இலக்கணப் பாடத்துக்குப் பதில் பணிகள் கொடுத்து ஆங்கிலம் கற்பித்த பெங்களூரு திட்டத்தை நடத்திய என். எஸ். பிரபுவும் தவறு பரவும் என்ற அச்சத்தால் குழு வேலையை ஊக்குவிக்கவில்லை. அவர் முறையில் முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு பணியைச் செய்து காட்டுவார், பிறகு மாணவர் தனியாகச் செய்வார். நான் அதில் பாதியை எடுத்துக்கொண்டேன்: முதல் கேள்வி பதிலை எல்லோர் முன்னும் நானே ஒரு மாணவரோடு நடத்துகிறேன். அப்புறம் ஆறு நோட்டுகளை மட்டும் வாங்கி, பெயர் சொல்லாமல் தவறுகளைப் பலகையில் போடுகிறேன். 'எஸ்டர்டே' பக்கத்தில் 'ஹேஸ்' நின்றால் மறுநாள் பத்து நிமிடம் அதற்கே போகும்.

நான் கேட்பது இரண்டு. "ஆங்கிலம் மட்டும்" என்பதை "விளக்கத் தமிழ், பழக ஆங்கிலம்" என்று திருத்துங்கள். தேர்வில் 'ஹேவ் யூ எவர்', 'வென்' போல இரண்டு கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்