வடகிழக்கு மூலை ஏன் இறங்குகிறது என்று அறிந்தபின் அண்டர்பின்னிங் செய்வோம்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் ஆலயத்தின் வடகிழக்கு மூலையில் விரிசல் பெரிதாகிவிட்டது என்றும், அந்த மூலையைச் சுற்றி முப்பது அடி நீளத்துக்கு அஸ்திவாரத்தின் அடியில் தோண்டி, தரையிலிருந்து ஏழடி ஆழம் வரை கான்கிரீட் கொடுத்து அண்டர்பின்னிங் செய்யலாம் என்றும் சென்ற மாதக் கூட்டத்தில் பேசப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த மடலை வாசிக்க வேண்டுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டடப் பொறியாளராக வேலை செய்தவன் என்ற முறையிலும், இந்த ஆலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். அண்டர்பின்னிங் தவறான முறை என்பது என் வாதம் அல்ல. நம் மூலை எதனால் இறங்குகிறது என்பது தெரியாமல் அதைச் செய்யக் கூடாது என்பதே என் வாதம். இதுவரை பார்த்ததை வைத்துச் சொன்னால், நம் மூலைக்கு அது தேவைப்படாது என்றே எண்ணுகிறேன்.

முதலில் விரிசலைப் பற்றி. வடக்குச் சுவரின் கடைசி ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக ஏறும் அந்த விரிசல், மேலே விரல் நுனி நுழையும் அளவுக்கும் கீழே நூல் அளவுக்கும் இருக்கிறது. மேலே அகன்று கீழே மெலிந்தால் சுவரின் கடைசிப் பகுதி இறங்குகிறது என்று பொருள். கீழே அகன்றிருந்தால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது என்று கொள்ளலாம். ஆக, மூலைதான் இறங்கியிருக்கிறது என்பதில் ஒப்பந்தக்காரருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஏணி வைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது மூன்று காலத்துப் பூச்சு தெரிந்தது. ஆழத்தில் பழுப்பேறிய சுண்ணாம்புக் காரை, அதன் மேல் சாம்பல் நிறச் சிமெண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சில ஆண்டுகளுக்கு முன் பூசிய வெள்ளைப் பட்டி. பட்டி அதன் ஓரத்திலேயே விட்டுப் பிரிந்திருந்தது. ஆக இந்த விரிசல் நேற்று வந்தது அல்ல. நம் தாத்தாக்கள் காலத்திலேயே இருந்திருக்கிறது; ஒவ்வொரு தலைமுறையும் அதை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

எப்போது எவ்வளவு இறங்கியது என்பதைக் கட்டடமே ஓரளவுக்குச் சொல்லும். டியூப் லெவல் பிடித்து வெளிப்புறப் பீடத்தின் விளிம்பை மூலைக்கு மூலை அளந்தேன். மற்ற மூன்று மூலைகளும் ஒன்றுக்கொன்று ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன. அப்படியானால் கட்டிய கொத்தனார்கள் மட்டம் பார்த்தே கட்டியிருக்கிறார்கள். வடகிழக்கு மூலை மட்டும் 42 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கமிட்டியில் கேட்டு நடுங்கியது இந்த எண்ணைத்தான். ஆனால் உள்ளே, அதே மூலையில், 1962-இல் போட்ட தரை ஓடுகள் இருக்கின்றன. ஆண்டு அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது. அந்தத் தரை மூலையை நோக்கி ஆறு மில்லிமீட்டர்தான் சாய்கிறது. ஓடு பதித்தவர் மட்டமாகவே பதித்திருப்பார் என்று கொண்டால், 42-இல் 36 மில்லிமீட்டர் 1962-க்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அறுபது ஆண்டுகளில் ஆறு மில்லிமீட்டர் இறங்கிய மூலையை, இந்த மழைக்காலத்துக்குள் தாங்காவிட்டால் விழுந்துவிடும் மூலையாக நான் கருதவில்லை.

அடுத்த கேள்வி, இன்றும் அது நகர்கிறதா என்பது. விரிசலின் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டி, அது உடைந்ததைக் காட்டி "பாருங்கள், நகர்கிறது" என்று சொன்னார்கள். கண்ணாடி உடைந்தால் ஏதோ அசைந்தது என்பது மட்டும் தெரியும். விரிசல் திறந்ததா மூடியதா, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதெல்லாம் தெரியாது. ஆகவே விரிசலின் இரு பக்கமும் இரண்டு பித்தளை ஊசிகளைப் பதித்து, மாதம் ஒருமுறை, விடியற்காலையில், வெர்னியர் அளவுகோலால் இடைவெளியை அளந்து வருகிறேன். சென்ற ஆண்டு மே மாதத்தில் 3.1 மில்லிமீட்டர் இருந்த விரிசல், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஜனவரியில் 0.9 ஆகச் சுருங்கியது. இந்த மே மாதத்தில் 3.3 ஆனது. கோடையில் திறந்து மழையில் மூடுகிறது. முழு ஆண்டைக் கடந்து பார்த்தால் மிஞ்சிய வேறுபாடு 0.2 மில்லிமீட்டர், அது என் கை அளக்கும் பிழைக்குள்ளேயே அடங்கும்.

இப்படி மூச்சு விடுவது நம் ஊர்க் கரிசல் மண்ணின் குணம். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். நம் மூலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கும் வேம்பு, கோடையில் அந்த மண்ணின் ஈரத்தை மேலும் உறிஞ்சுகிறது. குருவானவர் அனுமதியோடு, மூலையில் அல்லாமல் அதிலிருந்து சில அடி தள்ளி ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்த்தோம். பக்கங்களைப் பலகையால் முட்டுக்கொடுத்து, அந்த வாரத்திலேயே மூடிவிட்டோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு படிப்படியாக அகன்று இறங்கும் அஸ்திவாரம் நாலடியில் முடிகிறது. கல்லும் காரையும் உறுதியாகவே இருக்கின்றன. கீழே கருமண். அதில் இருந்த ஒரு வெடிப்புக்குள் இரும்பு அளவுகோலை விட்டால் ஒன்றரை அடி எளிதாக இறங்கியது; வெடிப்பின் இரு சுவர்களிலும் தலைமுடி போன்ற வேப்ப வேர்கள் படர்ந்திருந்தன.

இங்கேதான் ஏழடிக் கான்கிரீட் சிக்கலாகிறது. கரிசல் மண்ணில் பருவத்துக்கேற்ப ஈரம் மாறும் ஆழம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், அதாவது பதினோரு அடிக்கு மேல். ஏழடியில் நிற்கும் கான்கிரீட்டும் அசையும் மண்ணிலேயேதான் நிற்கும். ஆனால் நாலடியில் நிற்கும் மற்ற சுவரைவிடக் குறைவாக அசையும். கோடையில் பழைய சுவர் இறங்கும்போது புதிய மூலை அதோடு சேர்ந்து இறங்காது. அப்போது விரிசல் மறைந்துவிடாது. கான்கிரீட் முடியும் இடத்துக்கு மேலே, இதுவரை விரிசலே இல்லாத சுவரில் புதிதாக வரும். நான் வேலையில் இருந்தபோது ஒரு பழைய வீட்டில் இப்படி ஒரு மூலைக்கு மட்டும் தாங்கல் கொடுத்ததையும், இரண்டாம் கோடையில் அடுத்த ஜன்னலுக்கு மேல் புதுக் கீறல் வந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு நானும் தலையசைத்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அண்டர்பின்னிங் சரியான மருந்தாக இருந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் நல்ல சான்று. 1905-இல் அதன் கிழக்குப் பகுதிச் சுவர்கள் வெளியே சாய்ந்தும் பிளந்தும் நின்றன. கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சன் சுவரோரம் குழி தோண்டிப் பார்த்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியைக் கட்டியவர்கள் பீச் மரக் கட்டைகளைப் படுக்க வைத்து, அவற்றின் மேல் அஸ்திவாரம் எழுப்பியிருந்தார்கள். அதற்கும் கீழே, நசுங்கிக்கொண்டே போகும் மக்கிய தாவரப் படிவம் இருந்தது. அதற்கடியில்தான் உறுதியான சரளை. காரணம் கண்ணால் பார்க்கக் கிடைத்தது, சுமை தாங்கும் மண் எத்தனை அடியில் இருக்கிறது என்பதும் கிடைத்தது. அப்படியும் வேலை எளிதாக இல்லை. குழியில் நீர் பொங்கியது. அதை இறைத்துக்கொண்டே வேலை செய்தால் நீரோடு நுண்மண்ணும் இழுபட்டு, சுவர் மேலும் இறங்கும் என்று பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் அஞ்சினார். ஆகவே நீரை அப்படியே விட்டு, வில்லியம் வாக்கர் என்ற மூழ்காளரை உள்ளே இறக்கினார்கள். கலங்கிய நீரின் இருட்டில், கையால் தடவியே, அவர் படிவத்தை வெட்டியெடுத்து, சரளையின் மேல் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி நீர் வரும் வழியை அடைத்தார். அதன் பிறகே நீரை இறைத்து, மேலே சுவரின் அடி வரை கட்டினார்கள். சிறு சிறு குழிகளாக, 1906 முதல் 1911 வரை அந்த வேலை நடந்தது.

நம் மூலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மண் ஒரே திசையில் நசுங்கியது, ஒருபோதும் திரும்பவில்லை; நம் மண் ஆண்டுதோறும் திரும்புகிறது. அங்கே உறுதியான படுகை வரை இறங்கினார்கள். நமக்குச் சொல்லப்பட்டிருப்பது பாதி வழியில் நிற்கும் கான்கிரீட்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டு மே மாதம் வரை நிறுத்தி வையுங்கள். அதற்குள் மூலையின் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைப்போம். வடக்குக் கூரையின் மழைநீர் இப்போது சுவரடியில் கொட்டுகிறது. அதைக் குழாய் வழியே தெருப்பக்கம் கொண்டுபோக வேண்டும். சுவரைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, நீர் இறங்காத தளம் போட வேண்டும். வேம்பை வெட்டச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். முழுதாக வெட்ட வேண்டாம். இத்தனை காலம் அது உறிஞ்சிய ஈரம் ஒரேயடியாக மண்ணுக்குத் திரும்பினால், மூலை மேலே தூக்கி வேறு விதமாக விரியும். கிளைகளை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கழித்தால் போதும். விரிசலை இந்தக் கோடையில் சிமெண்டால் அடைக்கவும் வேண்டாம். திறந்திருக்கும்போது கெட்டியாக அடைத்தால் மழைக்காலத்தில் மூட வழியின்றிச் சுவர் தள்ளப்படும், அடுத்த கோடையில் இன்னும் அகலமாகத் திறக்கும். அந்த மூன்று அடுக்குப் பூச்சும் இப்படித்தான் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

இவற்றுக்குப் பிறகும் மே மாத அளவு 3.3-ஐத் தெளிவாகத் தாண்டினால், அண்டர்பின்னிங்குக்கு நானே கை தூக்குவேன். அப்போது அது மூன்றரை மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். மூலையில் சட்டென்று முடியாமல், சுவர்களின் நீளத்தில் ஆழம் படிப்படியாகக் குறைந்து முடிய வேண்டும். நாலடி நீளத்துக்கு மேல் ஒரு குழியும் திறக்கக் கூடாது, அடுத்தடுத்த குழிகளை ஒரே வேளையில் திறக்கவும் கூடாது. கான்கிரீட்டுக்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி விட்டு, கான்கிரீட் இறுகிச் சுருங்கியபின், ஈரம் குறைந்த கலவையை அதில் இடித்துத் திணிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் சுவர் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கித்தான் புதிய கான்கிரீட்டைத் தொடும்.

அளவுகள் எழுதிய நோட்டுப் புத்தகம் ஆலய அலுவலக அலமாரியில் இருக்கிறது. அடுத்த அளவை வரும் மாதம் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எடுப்பேன். ஒப்பந்தக்காரரையும் அழைத்துக்கொண்டு கமிட்டியிலிருந்து இருவராவது வந்து, வெர்னியரைத் தாங்களே பிடித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சேகர உறுப்பினர், ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்