உங்கள் மகளுக்கு இன்று 34

ஐந்தோவன், நெதர்லாந்து,
18.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. காலையில் சைக்கிள் சீட்டில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அவரும் நானும் ஆளுக்கொரு துணியோடுதான் கீழே இறங்குகிறோம்.

இன்ஸ்டாகிராமில் நான் போட்ட படத்தைப் பற்றி நேற்று போனில் நீ கேட்டாய், "படத்துக்குக் கீழே என்னடி எழுதியிருக்கிறாய், தம்பி படிக்கும்போது குரல் மாறிவிட்டது" என்று. அழுகிற மாதிரி எதுவும் இல்லை அம்மா. எப்படி எழுதினேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் எழுதியது, "அப்பா இல்லாத முதல் பிறந்தநாள்." ஞாயிற்றுக்கிழமை இரவு அதை எழுதிவிட்டு, போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் கைகூப்பிய படத்தைப் போட்டு "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதுவார்கள். சித்திரையில் நீ கேட்ட அதே வார்த்தைகளைக் கார்த்திகை முதல் தேதி காலையில், காபி டம்ளரோடு உட்கார்ந்து மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்று அழித்தேன்.

அடுத்தது நீளமாகப் போய்விட்டது. அப்பா கடன் வாங்காதவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று இருபது வரி. எல்லாம் உண்மைதான். ஆனால் படித்துப் பார்த்தபோது பேப்பரில் வரும் நினைவஞ்சலி விளம்பரம் மாதிரி இருந்தது. அதில் அப்பாவின் முகமே தெரியவில்லை. போதாததற்கு, இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும். மீதியைப் படிக்க 'மேலும்' என்று இருப்பதைத் தொட வேண்டும். சொல்ல வேண்டியது அந்த இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும்.

அப்போதுதான் நீ கொடுத்தனுப்பிய உறையைத் திறந்தேன். அந்தச் சைக்கிள் படம் நினைவிருக்கிறதா? முன்கம்பியில் நான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா. மேஜை விளக்கடியில் படத்தைச் சாய்த்தபோது, என் கவுனின் மேல் மெல்லிய மேடுகள் வரிவரியாகத் தெரிந்தன. திருப்பினால் அப்பாவின் எழுத்து. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதில் முன்பக்கம் வரை புடைத்திருக்கிறது. "17.11.1996 ஞாயிறு. பாப்பாவுக்கு 5 நிறைந்தது. மழை விட்டிருந்தது." அவ்வளவுதான். பாசம், கண்ணே, செல்லம் ஒன்றும் கிடையாது. தேதி, வயது, மழை. ஆனால் 29 வருடம் கழித்து அந்த ஈரத் தெரு எனக்கு அப்படியே தெரிகிறது அம்மா. நான் தேடிக்கொண்டிருந்தது அப்பாவிடமே இருந்தது.

அப்பா மாதிரியே எழுதுவது என்று முடிவு செய்தேன். படத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்தத் துண்டு. கம்பி எனக்கு உறுத்தக் கூடாது என்று அப்பா அதை நான்காக மடித்துப் போடுவார் அல்லவா, படத்தில் என் தொடைக்கடியில் அதன் சிவப்புக் கரை கொஞ்சம் தெரிகிறது.

எழுதும்போது ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். 'போட்டார்' என்று எழுதினால் ஒரே நாளில் நடந்து முடிந்தது போலிருக்கிறது. 'போடுகிறார்' என்றால் பொய். 'போடுவார்' என்று எழுதியதும் மனது இறங்கிவிட்டது. நம் பேச்சில் அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய உதவி! அன்றைக்கெல்லாம் போடுவார் என்பதும் அதுதான், நாளைக்குப் போடுவார் என்பதும் அதுதான். இருக்கிறாரா, இருந்தாரா என்று அது கேட்பதே இல்லை. நீயும் அப்படித்தான் பேசுகிறாய், கவனித்திருக்கிறாயா? "அப்பா சர்க்கரை கம்மியாகத்தான் குடிப்பார்" என்று போன வாரம்கூடச் சொன்னாய்.

கடைசி வரி மட்டும் வரவில்லை. அது திங்கட்கிழமை ஆபீஸில்தான் கிடைத்தது. இந்த ஊரில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கிக் கொடுக்க வேண்டும். வருடம் திரும்பாமல் கேக் வெட்ட வேண்டாம் என்று நீ சொன்னது மனதில் இருந்தது. அதனால் துண்டு போட்டே விற்கிற ஆப்பிள் கேக்கை வாங்கிப் போய் வைத்தேன். இங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்துவதில்லை. கணவர், அம்மா, அப்பா, அக்கா, தங்கை என்று பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் கையையும் பிடித்து "ஹெஃபெலிசிடேர்ட்" என்பார்கள். உங்கள் மகளுக்குப் பிறந்தநாள், உங்களுக்கு வாழ்த்துகள் என்று அர்த்தம். வந்த புதிதில் இவருக்கு ஏன் கைகொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

பக்கத்து மேஜை அம்மையார் கேக்கை வாங்கிக்கொண்டு, "ஊரில் உன் அப்பா அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்" என்றார். அப்பா ஏப்ரலில் காலமாகிவிட்டார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, "மகள் அவருடைய மகள்தானே, அவருக்கும்தான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அது துக்கம் இல்லை அம்மா.

மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து முடித்தேன். தம்பி படித்தது இதுதான்:

"17.11.1996. மழை விட்டிருந்தது. கம்பி உறுத்தாமல் இருக்க அப்பா துண்டை நான்காக மடித்துப் போடுவார், பிறகுதான் என்னை ஏற்றுவார்.
உங்கள் மகளுக்கு இன்று 34. வாழ்த்துகள் அப்பா."

கைகூப்பிய படங்கள் சில வரத்தான் செய்தன. ஆனால் நிறையப் பேர் அவரவர் அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா, "அதே சைக்கிளின் கேரியரில் நான் காலேஜ் போயிருக்கிறேன்" என்று எழுதினார். அது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு சங்கடமும் நடந்தது. என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி, விஷயம் தெரியாமல், "அப்பாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்" என்று எழுதிவிட்டாள். எல்லோர் முன்னாலும் பதில் போட்டால் அவள் கூசிப்போவாள். தனியாகச் செய்தி அனுப்பிச் சொன்னேன். இரவு கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். இப்படி எழுதினால் யாராவது ஒருவருக்கு இது நேரத்தான் செய்யும், ஆனாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.

சமையலறையில் பிறந்தநாள் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம். இந்த ஊர்க்காரர்கள் அதைக் கழிப்பறையில் மாட்டுவார்கள், எனக்கு மனது வரவில்லை. அதில் வருடமும் கிடையாது, கிழமையும் கிடையாது, தேதி மட்டும்தான். அதனால் வருடா வருடம் அதையே திருப்பிக்கொள்ளலாம். ஜனவரி 8இல் அப்பா பெயரை நான்கு வருடத்துக்கு முன்பு மசியால் எழுதினேன். அது அப்படியே இருக்கட்டும்.

அன்றைக்கும் ஒரு படம் போட வேண்டும் அம்மா. பீரோவில் உள்ள மற்றப் படங்களைத் தம்பியை எடுத்து அனுப்பச் சொல். பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல். வாசல் வெளிச்சத்தில் படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் புடைப்பும் விழும். எதையும் ஆல்பத்தில் ஒட்டிவிட வேண்டாம்.

முட்டி வலிக்குத் தைலம் தீர்ந்துவிட்டால் சொல்.

உன் அன்பு மகள்,
பாப்பா