ஆறாம் ஆண்டு பெற்றோருக்கு: ஆங்கிலக் கட்டுரையில் ஹேஸ் எங்கே, ஹேவ் எங்கே?

பினாங்கு

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

சென்ற வாரம் வீட்டுக்கு வந்த ஆங்கிலக் கட்டுரைப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுப் போட்டி நாளைப் பற்றிய கட்டுரையில் பல பிள்ளைகள் "ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேவ் அ கேப்" என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் ஹேவை அடித்துவிட்டு ஹேஸ் என்று திருத்தியிருக்கிறார். பாய்ஸ் என்று பன்மை இருக்கும்போது ஹேஸ் எப்படிப் பொருந்தும் என்று சில பெற்றோர் கேட்டீர்கள். கேட்டது நல்லது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வினைக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து ஒருமையா பன்மையா என்று முடிவு செய் என்று பிள்ளைகளுக்கு யாரோ ஒரு குறுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். பல வாக்கியங்களில் அது சரியாகவே வரும். "ஈச் ஆஃப்" என்று தொடங்கினால் ஏமாற்றிவிடும். அங்கே எழுவாய் ஈச் என்ற சொல்தான், அது ஒருமை. "ஆஃப் த பாய்ஸ்" என்பது யாரில் ஒவ்வொருவர் என்று சொல்ல வந்த ஒட்டு மட்டுமே. வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள்: 'ஆஃப்' தொடங்கி வினை வரைக்கும் உள்ள சொற்களை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். "ஈச் ... ஹேஸ் அ கேப்." பிள்ளையின் காதே சொல்லிவிடும். "ஒன் ஆஃப்", "ஐதர் ஆஃப்", "நைதர் ஆஃப்" எல்லாவற்றுக்கும் இதே சோதனை போதும். நைதர் ஆஃப் வரும்போது பேச்சில் பன்மை வினையும் காதில் விழும். தேர்வில் ஒருமையே பாதுகாப்பு.

ஒன்று கவனிக்க வேண்டும். "த பாய்ஸ் ஈச் ஹேவ் அ கேப்" என்று எழுதினால் ஹேவ்தான் சரி. இங்கே எழுவாய் பாய்ஸ். ஈச் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஈச் என்ற சொல்லைக் கண்டதுமே ஹேஸ் போடும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

அப்புறம் "ஐதர்... ஓர்". பிள்ளைகள் உண்மையிலேயே குழம்புவது இங்கேதான், ஏனென்றால் மேலே தவறு என்று சொன்ன அதே குறுக்கு வழி இங்கே சரியாகிவிடுகிறது. ஓர் இரண்டு எழுவாய்களையும் சமமாக நிறுத்துகிறது, ஒன்று மற்றொன்றுக்கு ஒட்டு இல்லை. இரண்டும் ஒருமையானால் வினை ஒருமை, இரண்டும் பன்மையானால் வினை பன்மை. ஒன்று ஒருமை, மற்றது பன்மை என்றால் வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பின்பற்ற வேண்டும். "ஐதர் மை ஃபாதர் ஓர் மை அங்கிள்ஸ் ஆர் கமிங்." இதையே திருப்பி "ஐதர் மை அங்கிள்ஸ் ஓர் மை ஃபாதர் இஸ் கமிங்" என்றாலும் இலக்கணம் சரிதான், ஆனால் காதில் இடறும். ஆகவே பன்மையை இரண்டாவதாக வைத்து எழுதச் சொல்கிறோம்.

ஆக, பிள்ளை முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நடுவில் நிற்பது ஆஃபா, ஓரா என்பது. ஆஃப் என்றால் அதன் பின்னால் வருவதை மறை. ஓர் என்றால் வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்.

டீம், ஃபேமிலி போன்ற கூட்டப் பெயர்களில் பிரிட்டிஷ் வழக்கு இரண்டையும் ஏற்கிறது. குழுவை ஒரே பொருளாகப் பார்த்தால் "த டீம் இஸ் ரெடி". உள்ளே இருப்பவர்களை ஆளாளாகப் பார்த்தால் "த டீம் ஆர் புட்டிங் ஆன் தெயர் ஷூஸ்". அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையே எழுதுவார்கள். நம் நாட்டில் கற்பிப்பது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதால் இரண்டுமே தவறில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தில் இஸ் போட்டுவிட்டுப் பின்னால் தெயர் என்று எழுதினால் ஆசிரியர் திருத்துவார். போலீஸ் மட்டும் எப்போதும் பன்மை: "த போலீஸ் ஆர் ஹியர்".

இந்தத் தவறு ஏன் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை? பிள்ளைகள் எழுதுவதெல்லாம் நடந்து முடிந்த கதைகள். ரேன், சா, ஹேட் போன்ற இறந்தகால வினைகள் ஒருமைக்கும் பன்மைக்கும் மாறுவதில்லை. மாறுவது வாஸ், வேர் மட்டும்தான். நிகழ்காலத்தில் எழுத வைத்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மலாய் வினை எண்ணுக்கேற்ப மாறுவதே இல்லை. தமிழிலோ "ஒவ்வொருவரும் வந்தார்கள்" என்று பேசிப் பழகிய காது, ஈச் வந்தாலும் பன்மையைத் தேடுகிறது.

புத்தகத்தில் சிவப்புக் கோடு உள்ள வாக்கியங்களை மட்டும் எடுத்து, விடையைச் சொல்லாமல், எழுவாயை விரலால் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை பாய்ஸைக் காட்டினால் மறைக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். திருத்திய வாக்கியங்களை வரும் வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்