சந்தியைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பட்டியலாகத் தந்திருந்தீர்கள். பட்டியலில் குறையில்லை. ஆனால் எழுதி முடித்த கட்டுரையையும் பட்டியலையும் அருகருகே வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்குபவர் பாதியிலேயே களைத்துப்போவார். போதாக்குறைக்கு, திருத்திய இடத்திலேயே புதுப் பிழையும் விழும். "நூலகத்திற்குச் சென்றேன்" என்று ஒற்றுப் போட்டுவிட்டு, பிறகு மனம் மாறி "சென்றேன்" என்பதை "போனேன்" ஆக்கினால், "நூலகத்திற்குச் போனேன்" என்று அந்த 'ச்' அநாதையாக நிற்கும். அதனால் முதலில் எழுத்துப்பிழை, அடுத்து இடைவெளி, சொற்கள் எல்லாம் இனி மாறாது என்ற பிறகே சந்தி என்று மூன்று முறை பார்ப்பது நல்லது.

ஒரு பத்தியை வைத்துப் பார்ப்போம்.

"நேற்று எங்கள் ஊர் நூலகத்திற்க்கு சென்றேன். அங்கே கதை புத்தகங்களை விட பாட புத்தகங்கள் தான் அதிகம். நான் தேடி சென்ற நாவல் கிடைக்க வில்லை. நூலகரை கேட்டதற்கு, சென்ற மாதமே யாரோ எடுத்து சென்று விட்டார் என்று சொன்னார். அந்த புத்தகத்தை படித்து பார்த்த நண்பர், மாடி அரையில் இன்னொரு பிரதி உண்டு என்றார்."

எழுத்துப்பிழையில் ஒரு பகுதியைக் கண்ணால் தேடவே வேண்டாம். தமிழ்ச் சொல்லுக்குள் ட், ற் இரண்டையும் அடுத்து இன்னொரு மெய் புள்ளியோடு வராது. நூலகத்திற்க்கு, முயற்ச்சி, கேட்ப்பது எல்லாம் இந்த ஒரே தவறுதான். தேடல் பெட்டியில் ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப் என்று ஆறு முறை போட்டுத் தேடினால் அத்தனையும் அகப்படும். மேட்ச், சுவிட்ச் போன்ற கடன்சொற்களும் கூடவே வந்து நிற்கும், அவற்றை விட்டுவிடலாம்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. 'மௌனம்' என்பதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. பலர் 'மெ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தை வைத்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 'மௌனம்' என்று தேடுபவருக்கு அந்தச் சொல் கிடைக்காது. சந்தேகமாக இருந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள். பெரும்பாலான செயலிகளில், சரியாக அடித்திருந்தால் 'ம' மட்டும் மிஞ்சும், தவறாக அடித்திருந்தால் 'மெ' மிஞ்சும். கௌரவம், பௌர்ணமி, சௌகரியம் ஆகியவற்றிலும் இதே கதைதான். 'கெள', 'தெள' என்று தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். கெளுத்தியும் தெளிவும் கெட்டுப்போகும்.

'மாடி அரையில்' என்பது வேறு வகை. 'அரை' தமிழில் உள்ள சொல்தான் என்பதால் சொற்பட்டியலை மட்டும் பார்க்கும் பிழைதிருத்திச் செயலி அதைத் தொடாது. அரை/அறை, பணி/பனி, கரை/கறை மாதிரி நமக்குத் தடுமாறும் இணைகளை ஒரு தாளில் குறித்துவைத்து, ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்துவிடுவதுதான் வழி.

அடுத்தது இடைவெளி. இங்கே பிழை பொருளையே மாற்றும். 'அவரைவிட' என்றால் ஒப்பீடு; 'அவரை விட' என்றால் அவரைக் கைவிட அல்லது கொண்டுபோய் விட. 'வரும்படி சொன்னார்' என்றால் வரச் சொன்னார். 'வரும் படி' என்றால் ஏதோ மாடிப்படி வருகிறது. விட, தான், படி, போது, இல்லை, விடு, கொள் ஆகியவை தம் சொந்தப் பொருளை இழந்து முன்சொல்லுக்குத் துணையாக நிற்கும்போது சேர்த்து எழுத வேண்டும். நம் பத்தியில் புத்தகங்களைவிட, புத்தகங்கள்தான், கிடைக்கவில்லை, சென்றுவிட்டார் என நான்கு இடங்கள் சேரும். 'எழுதிக்கொண்டிருந்தான்' போன்றவற்றைப் பிரித்து எழுதும் பத்திரிகைகளும் உண்டு. அது அவரவர் நடை. ஒரே கட்டுரையில் இரண்டு விதமும் வரக்கூடாது, அவ்வளவுதான்.

இனி சந்தி. விட்டுப்போன ஒற்றைப் போலவே, வேண்டாத இடத்தில் திணித்த ஒற்றும் பிழைதான். பட்டியலைப் பார்த்துப் பயந்தவர்கள் 'என்றுச் சொன்னார்', 'வந்தப் பையன்' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வினையெச்சம் 'உ'வில் முடிந்தால் அந்தக் கடைசி எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படித்து, எடுத்து, கேட்டு என வல்லின மெய் இருந்தால் மிகும்: படித்துப் பார்த்த, எடுத்துச் சென்று. வந்து, சென்று, செய்து என மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: வந்து பார்த்தான், செய்து கொடுத்தான். 'என்று சொன்னார்' என்பதும் இதில் அடங்கும். இந்தச் சோதனையைப் பெயர்ச்சொல்லுக்குக் கொண்டுபோகக் கூடாது. மருந்துக் கடை, பாம்புத் தோல் என்று அங்கே மெல்லினத்தை அடுத்தும் மிகும்.

'அந்த', 'வந்த' இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் வரும் குழப்பம் இன்னொன்று. அந்த, இந்த, எந்த என்பவை சுட்டும் வினாவும். அவற்றின் பின் மிகும். வந்த, சென்ற, படித்த என்பவை பெயரெச்சம்; அவற்றின் பின் மிகாது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. ஒரு ப் போதும், யானையே வந்துவிடும்.

ஐ, கு உருபுகளின் பின் மிகும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். நடுவில் காற்புள்ளி இருந்தால் ஒற்று வராது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். "கேட்டதற்கு, சென்ற மாதமே" என்ற இடத்தில் ச் தேவையில்லை. காற்புள்ளியை எடுத்தால் போட்டாக வேண்டும்.

திருத்திய பத்தி:

"நேற்று எங்கள் ஊர் நூலகத்திற்குச் சென்றேன். அங்கே கதைப் புத்தகங்களைவிடப் பாடப் புத்தகங்கள்தான் அதிகம். நான் தேடிச் சென்ற நாவல் கிடைக்கவில்லை. நூலகரைக் கேட்டதற்கு, சென்ற மாதமே யாரோ எடுத்துச் சென்றுவிட்டார் என்று சொன்னார். அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்த்த நண்பர், மாடி அறையில் இன்னொரு பிரதி உண்டு என்றார்."

எழுத்துப்பிழை 2, இடைவெளி 4, விட்டுப்போன ஒற்று 10. இத்தனையும் ஐந்தே வாக்கியத்தில்.

இதற்குப் பிறகும் ஆசிரியர் குழுவில் யாராவது ஒரு சொல்லை மாற்றுவார்கள். அப்போது அநாதையாகும் ஒற்றைப் பிடிக்க, லிப்ரே ஆபிஸ் போன்ற செயலியின் தேடலில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' தேர்வை இயக்கிவிட்டு இதைக் கொடுக்கலாம்:

```
([கசதப])\u0BCD (?!\1)
```

வல்லின ஒற்றும் இடைவெளியும் வந்து, அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்காத இடங்களை இது காட்டும். 'நூலகத்திற்குச் போனேன்' உடனே சிக்கும். 'கிளிக் செய்க' என்பதும் சிக்கும், அது பிழையல்ல.

இப்படிக்கு,
மெய்ப்பு பார்க்கும் வாசகர் ஒருவர்,
மதுரை