காலை 9.30 முதல் 10.50 வரை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும், வெளிநாட்டில் இருக்கும் மகன், மகளுக்குப் பதிலாகப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிமாருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். ஓணம் விடுமுறைக்குப் பிறகு வருகை சற்றுக் குறைந்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் குடையில் பெயர் எழுதி அனுப்புங்கள். அலுவலகத்தில் பெயரில்லாத குடைகள் ஏழு கிடக்கின்றன.

இனி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். "எச்.எம். எந்த வகுப்பும் எடுப்பதில்லை, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். பத்தாம் வகுப்புக்காவது கணக்கு எடுக்கலாமே" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. நியாயமான கேள்விதான். பதிலும் விவரமாகவே சொல்ல வேண்டும்.

நம் பள்ளியில் 12 பிரிவுகள். நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 5 நாள் என்றால் மொத்தம் 480 பாடவேளைகள். தலைமையாசிரியர் மற்ற எல்லா வேலையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பாடம் மட்டுமே எடுத்தாலும் 40தான் எடுக்க முடியும், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதி 440 எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை காலை முதல் இரண்டு பாடவேளைகள் அதற்காக ஒதுக்கப்பட்டவை.

ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பாடம் தசம எண்கள். முதல் இரண்டு முறை அந்த வகுப்பில் உட்கார்ந்தபோதும் இருபதாவது நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு நாள் மாற்றுச் சான்றிதழ், மறுநாள் உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு. அந்த இருபது நிமிடத்தில் கண்ணில் பட்டதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கரும்பலகை விளக்கம் தெளிவு, பிள்ளைகள் அமைதி. பத்து நோட்டுகளைப் புரட்டினாலும் எல்லாம் சரி, எல்லாவற்றிலும் சிவப்பு மை கையெழுத்து.

மூன்றாம் முறை 40 நிமிடமும் முழுதாக உட்கார முடிந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் பலகையில் இல்லாத கணக்கு ஒன்றைப் பிள்ளைகள் தாமாகப் போட்டார்கள்: 3.5 பெரியதா, 3.12 பெரியதா? சீட்டில் எழுதி வாங்கினோம். 38 பேரில் 23 பேர் 3.12 பெரியது என்று எழுதியிருந்தார்கள். ஐந்தைவிடப் பன்னிரண்டு பெரியது அல்லவா, அந்தக் கணக்கு! பிறகு அதே நோட்டுகளை மறுபடி பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஐந்து நோட்டில் ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை. பிள்ளைகள் கணக்கைப் போடவில்லை, பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லா நோட்டும் ஒரே மாதிரி சரியாக இருந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய அடையாளம்.

அன்று மாலை ஆசிரியரோடு இருபது நிமிடம் பேசினோம். குறை சொல்லும் பேச்சு அல்ல. சீட்டுகளை மேசையில் பரப்பி, பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்று இருவரும் தேடினோம். 3.5க்குப் பின்னால் பூஜ்யம் சேர்த்து 3.50 ஆக்கி ஒப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார். முறை சரிதான். ஆனால் அந்தப் பூஜ்யம் எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அது ஒரு தந்திரமாகவே மனதில் நின்றுவிட்டது. தீர்வைச் சொன்னதும் அவரேதான். ரப்பர் ஒட்டுபால் எடைபோடும் தராசு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள். மறுநாள் "மூன்றரைக் கிலோ என்றால் தராசில் எப்படி விழும்?" என்று கேட்டதும் 3.500 என்று பல குரல் வந்தது. 3.12க்கு "மூன்று கிலோ பன்னிரண்டு கிராம்" என்றார்கள். தராசில் 3.120 என்று காட்டியதும் வகுப்பே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தது. அதன்பின் நூறு கட்டம் உள்ள தாளில் 0.5க்கு 50 கட்டமும், 0.12க்கு 12 கட்டமும் நிறம் தீட்டினார்கள்.

தலைமையாசிரியர் பங்குக்கு இன்னும் இரண்டு வேலை இருந்தது. வாரத்தில் மூன்று நாள் எட்டாவது பாடவேளையில் கிடந்த கணக்கை இரண்டாவதுக்கு மாற்றினோம். மற்ற ஆறாம் வகுப்புப் பிரிவுகளின் கணக்கு ஆசிரியர் இந்த வகுப்பை வந்து பார்க்க ஒரு பாடவேளை ஓய்வு கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து அதேபோன்ற வேறு கணக்கு கொடுத்ததில் தவறியவர்கள் 9 பேர். அவர்களில் 6 பேருக்கு இடமதிப்பே தகராறு. அது தசமத்தால் வந்த கோளாறு அல்ல, கீழ்வகுப்பிலேயே விட்டுப்போனது. மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் அவர்களுக்குத் தனியாக நடக்கிறது. அது ஒரு மாதத்தில் சரியாகும் என்று சொல்வதற்கில்லை.

அமெரிக்காவில் மயாமி பகுதிப் பள்ளிகளில், தலைமையாசிரியர்கள் தம் நேரத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று கூடவே இருந்து குறித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவதில் செலவான நேரத்தால் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. ஆசிரியரோடு உட்கார்ந்து பாடத்தைச் செம்மைப்படுத்திய நேரம்தான் முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது. இருபதாவது நிமிடத்தில் எழுந்து போனால் நம் பள்ளியிலும் நடப்பது எட்டிப் பார்ப்பதுதான்.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை காலை 9.30 முதல் 10.50 வரை தலைமையாசிரியரைச் சந்திக்க முடியாது. யார் சிபாரிசோடு வந்தாலும் இதுதான் பதில். சான்றிதழ், உதவித்தொகை, ஆதார் திருத்தம் எல்லாம் அலுவலக எழுத்தரிடமே முடியும். வகுப்பு வாசலில் நின்று பிள்ளையையோ ஆசிரியரையோ கூப்பிடுவதும், பாடவேளையில் ஆசிரியரின் கைப்பேசிக்கு அழைப்பதும் இனி வேண்டாம். கடந்த மாதம் ஒரே வகுப்பில் ஒரே பாடவேளையில் மூன்று முறை கதவு தட்டப்பட்டது. அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு, பாலெடுத்து உறைய ஊற்றிவிட்டுக் கை ஓய்வதே பத்து மணி வாக்கில்தான் என்பது தெரியும். அந்த நேரம் பார்த்து வருவதில் தப்பு இல்லை. கொஞ்சம் பொறுத்து 11 மணிக்கு வாருங்கள், 12.20 வரை பார்க்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் மாலை 4 மணிக்கு மேலும் வரலாம். வெள்ளிக்கிழமை எந்த நேரமும் சரி. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் நேரமே பார்க்க வேண்டாம், நேரே வாருங்கள்.

தராசை இரண்டு நாள் இரவல் தந்த பெற்றோருக்கும், காரணம் கேட்டதும் குழுவில் பேச்சை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஆறாம் வகுப்புப் பெற்றோர் திங்கட்கிழமைக்குள் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சிறியது போதும்.