போனில் ஒப்புக்கொண்டபடி கிரெடிட் கார்டை மூடாதது குறித்துப் புகார்

சென்னை 600004
06.08.2025

அனுப்புநர்
கார்டுதாரர் (பெயர், முகவரி தங்கள் பதிவில் உள்ளபடி), மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்
குறைதீர் அதிகாரி, கிரெடிட் கார்டு பிரிவு.

பொருள்: 07.07.2025 அன்று போனில் ஏற்கப்பட்ட கார்டு மூடல் கோரிக்கை, தாமதத்துக்கான இழப்பீடு, அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருத்தல்.

ஐயா / அம்மா,

ஜூலை 7, திங்கள், காலை 10.42 மணிக்குத் தங்கள் சேவை எண்ணை அழைத்து என் கார்டை மூடச் சொன்னேன். அப்போது கணக்கில் நின்றது ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாயும்தான். இரண்டையும் ரிவர்ஸ் செய்து ஏழு வேலை நாளில் கார்டை மூடிவிடுவதாகச் சொன்னார்கள். ஜூலை 11 அன்று 1,000 மட்டும் திரும்ப வந்தது. ஜூலை 24 அன்று மறுபடி அழைத்தபோது, "180 ரூபா பாக்கி இருக்கு, அதனால மூட முடியாது. ஜிஎஸ்டி திரும்ப வரும்னு எங்க பக்கம் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் வேறொரு அலுவலர்.

சொல்லியிருக்கிறார்கள். முதல் அழைப்பின்போதே எழுதி வைத்த குறிப்பு இணைப்பு 1-இல் உள்ளது. அழைத்த எண், தொடங்கிய நேரம், 14 நிமிட நீளம், பேசியவர் தன் பெயராகச் சொன்னது, கோரிக்கை எண் எல்லாம் அதில் உண்டு. அவர் பேசியதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறேன். நான் புரிந்துகொண்டதைத் தனி வரியில் வைத்திருக்கிறேன். இந்த இரண்டும் கலந்துவிட்டால் குறிப்புக்கு மதிப்பில்லை.

அந்தக் குறிப்பில் இரண்டு இடங்களைப் பார்க்கக் கேட்கிறேன். முதலில் அவர் சொன்னது, "ரிவர்ஸலுக்கு ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்." இது வாக்குறுதி ஆகாது, ரிக்வெஸ்ட் நிராகரிக்கப்படலாம். அதனால், "ஒப்புதல் ஆகிவிட்டதா, இனிமேல்தான் ஆகணுமா? ஜிஎஸ்டியும் சேர்ந்ததா?" என்று கேட்டேன். பதில்: "அப்ரூவ் ஆயிடுச்சு சார். ஆயிரத்து நூத்தி எண்பதும் வந்துடும்." கட்டணம் மட்டும் திரும்பி வரி நின்றுவிடுவது கார்டு கணக்குகளில் வழக்கமாக நடப்பதால்தான் தொகையை ரூபாயாகவே சொல்ல வைத்தேன். இரண்டாவது, அழைப்பு முடியும் முன் எழுதியதை வாசித்துக் காட்டி, "சரியா?" என்று கேட்டேன். "கரெக்ட் சார்" என்றார்.

அன்று மாலை 7.50-க்கு இதே விவரத்தைக் கோரிக்கை எண்ணோடு தங்கள் சேவை மின்னஞ்சலுக்கு அனுப்பி, தவறு இருந்தால் தெரிவிக்கச் சொன்னேன் (இணைப்பு 2). தானியங்கிப் பதில் வந்தது. மறுப்பு எதுவும் வரவில்லை. குறிப்பு என் கையில் மட்டும் இருந்தால் பிறகு எழுதியது என்று சொல்ல இடமுண்டு. அதே நாள் தேதியோடு தங்கள் சர்வரிலும் இருப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டாவது அழைப்பில், கார்டை வெட்டிக் கடிதத்தோடு தபாலில் அனுப்பவும் சொன்னார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகள் அப்படி வற்புறுத்தக் கூடாது என்கின்றன. போனில் கேட்டாலே போதும். நிலுவை இல்லாத கணக்கை ஏழு வேலை நாளில் மூடாவிட்டால், மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் கார்டுதாரருக்குத் தர வேண்டும் என்பதும் அந்த விதிதான்.

ஜூலை 12 இரண்டாம் சனி, 13 ஞாயிறு. அவற்றைக் கழித்தால் ஏழாவது வேலை நாள் ஜூலை 16. ஜூலை 17 முதல் இன்று வரை 21 நாள், 10,500 ரூபாய். 180 ரூபாய் நிலுவைதானே என்று தாங்கள் வாதிடலாம். தாங்களே ரத்து செய்வதாக ஒப்புக்கொண்ட தொகையைக் காரணம் காட்டுவது முறையல்ல என்பது என் நிலை. ஆனாலும் அந்தச் சாக்கு நிற்கக்கூடாது என்பதற்காக, ஆட்சேபத்தை எழுதித் தெரிவித்துவிட்டு ஜூலை 24 அன்றே அதைக் கட்டினேன். அன்றிலிருந்து கணக்கிட்டாலும் நான்காம் சனியும் ஞாயிறும் போக ஆகஸ்ட் 2-இல் ஏழு வேலை நாள் முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 3 முதலான நான்கு நாளுக்கு 2,000 ரூபாயை எந்த வாதத்தாலும் மறுக்க முடியாது.

எனவே கார்டை உடனே மூடி எழுத்தில் உறுதி செய்யுங்கள். 180 ரூபாயையும், மூடும் நாள் வரை கணக்கிட்ட இழப்பீட்டையும் என் சேமிப்புக் கணக்கில் வரவு வையுங்கள். இரண்டு அழைப்புகளின் ஒலிப்பதிவையும் இந்தப் புகார் தீரும் வரை அழிக்காமல் ஒதுக்கி வைத்து, வைத்திருப்பதை எழுத்தில் சொல்லுங்கள். என் குறிப்பு தவறு என்று கருதினால், எந்த வாக்கியம் தவறு என்பதை ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுக் குறிப்பிடுங்கள். பொதுவான மறுப்பைப் பதிலாக ஏற்க மாட்டேன்.

இந்தப் புகார் பதிவான நாளிலிருந்து 30 நாளில் தீர்வு வராவிட்டால், இதே இணைப்புகளோடு cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
கார்டுதாரர்

இணைப்பு: 1. அழைப்புக் குறிப்புகள் (07.07, 24.07), போன் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். 2. 07.07 மின்னஞ்சலும் தானியங்கிப் பதிலும். 3. ஜூலை மாத ஸ்டேட்மென்ட், 180 ரூபாய் கட்டிய ரசீது, ஆட்சேப மின்னஞ்சல்.