எழத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். எட்டரை மாதப் பேத்தி நள்ளிரவில் தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று அழுகிறாள், படுக்க வைத்தால் அடுத்த நொடியே மறுபடி நிற்கிறாள், வயிறும் நிறைந்திருக்கிறது, காய்ச்சலும் இல்லை என்று நீ தொலைபேசியில் சொன்னாய். குழந்தைகளுக்கான இயன்முறைச் சிகிச்சையிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்ததால், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் நீடிக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மெலிந்து, குழந்தை அரைகுறையாக விழித்துக்கொள்வது இயல்பு. முன்பெல்லாம் அவள் அப்படி விழித்தபோது தலையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் உறங்கியிருப்பாள். இப்போதோ உடல் புதிதாக ஒன்றைக் கற்றிருக்கிறது. பகல் முழுவதும் செய்து பழகியதையே அரைத் தூக்கத்திலும் கைகால்கள் செய்யத் தொடங்குகின்றன: புரண்டு, முழங்காலூன்றி, கைக்கு எட்டும் கம்பியைப் பற்றி எழுந்துவிடுகிறாள். எழுந்த பிறகுதான் முழு விழிப்பே வருகிறது. ஹைஃபா பல்கலைக்கழகத்தில் அனாட் ஷெர் என்ற ஆய்வாளர், தவழத் தொடங்கும் காலத்தில் குழந்தைகளின் இரவு விழிப்பு கூடுவதையும், பிறகு அது தணிவதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆகவே நீ தூங்க வைக்கும் முறையில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ணி மனம் கலங்காதே.

அவள் அழுவதன் காரணம் பெரும்பாலும் வேறொன்று. எழுவதற்குக் கைகளின் இழுவிசை பெருமளவு உதவுகிறது. இறங்குவதற்கோ, உடலின் எடையைத் தாங்கியபடியே தொடைத் தசைகள் மெல்ல மெல்ல நீண்டு கொடுக்க வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தை நம்பி இடுப்பைத் தாழ்த்த வேண்டும். இது கடினமான வேலை. எழக் கற்றுச் சில வாரங்கள் கழித்தே பல குழந்தைகளுக்குக் கைகூடும். அதுவரை நின்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டு, கால் களைத்து, உதவிக்கு அழைக்கிறார்கள்.

எனவே இரவுக்கான மருந்து பகலில்தான் இருக்கிறது. அவள் மார்பளவு உயரமுள்ள உறுதியான முக்காலியையோ சோபாவையோ பிடித்து நிற்கும்போது, விருப்பமான பொம்மையை அவள் காலடிக்குச் சற்றுப் பக்கவாட்டில் தரையில் வை. அவள் குனிந்து பார்க்கும் வேளையில் ஒரு கை பிடிமானத்திலேயே இருக்கட்டும். நீ அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, முழங்காலின் பின்பக்கத்தை விரலால் மெதுவாகத் தொட்டு மடக்கிவிடு. தூக்கி உட்கார வைத்துவிடாதே, எடையை அவளே தாங்கி இறங்க வேண்டும், அதில்தான் பாடமே இருக்கிறது. விளையாட்டின் நடுவே ஒரு நாளில் பலமுறை இதைச் செய்யலாம். தொட்டிலுக்குள்ளும் பகலில் சிறிது நேரம் அப்படியே பழக்கு, ஏனெனில் சோபாவின் விளிம்பில் கற்றது கம்பியிலும் உடனே வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இரவில் அவள் மழலை பேசிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தால் உள்ளே போகாதே. களைத்துப்போய்த் தானே படுத்துவிடவும் கூடும். அழுதால் விளக்கைப் போடாமல் சென்று, பகலில் செய்த அதே முறையில் இறக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பில் கை வைத்துச் சற்று நேரம் இரு. மீண்டும் மீண்டும் எழுகிறாள் என்றால் நீயும் ஒவ்வொரு முறையும் படுக்க வைத்துக்கொண்டிருக்காதே, அவளுக்கு அது விளையாட்டாகிவிடும். அருகில் அமைதியாக உட்கார்ந்து, அவள் சோரும்போது மட்டும் உதவு.

ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடு: மெத்தையை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கு. தொட்டிலில் தலையணை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பெரிய பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. மூச்சை அடைக்கும் ஆபத்து ஒருபுறமிருக்க, அவை ஏறி மிதிக்கும் படியாகவும் ஆகிவிடும். மேலே தொங்கும் பொம்மைச் சரத்தையும் கழற்றிவிடு.

அழுகை எல்லாமே இதனால்தான் என்றும் இருந்துவிடாதே. இதே வயதில் பிரிவச்சமும் தொடங்குகிறது. அதில் நீ அறையை விட்டு நகர்ந்ததுமே, படுத்திருந்தாலும் அழுவாள். படுக்க வைத்தால் வலியில் வீறிடுவது, பால் மறுப்பது, காய்ச்சல் ஆகியவை இருந்தால் காதைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் காட்டு. எப்போதும் ஒரே காலை ஊன்றி எழுந்து, மறுகாலை இழுத்தே தவழ்ந்தாலோ, முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டுவிட்டாலோ, காத்திருக்காமல் அழைத்துச் செல்.

அன்புடன்,
அம்மா